ஜிஎஸ்டி பதிவு பற்றி அன்று கேட்டீர்களே, அதில் ஒரு விதி மாறியிருக்கிறது

வணக்கம் கலா அக்கா,

போன தீபாவளிக்கு முன்னால் உபி சமையல்கூடத்தில் பேசியபோது, "இந்த ஆர்டர் எல்லாம் முடியட்டும், அப்புறம் கணக்கு சாஃப்ட்வேரைப் பார்க்கலாம்" என்றீர்கள். சரி என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது எழுதுவது, அன்று நீங்கள் கேட்ட கேள்விக்காக.

வருட விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தொடவில்லை, ஆனாலும் நாமாகவே ஜிஎஸ்டிக்குப் பதிந்துகொண்டால் புது ஸ்டீமருக்கும் ஃப்ரீசருக்கும் கட்டுகிற 9% திரும்பக் கிடைக்குமே, செய்யலாமா என்று கேட்டீர்கள். அந்தக் கணக்கில் இப்போது ஒரு செலவு கூடியிருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல், விருப்பப்பட்டுப் புதிதாகப் பதிபவர்கள் எல்லாரும் இன்வாய்ஸ்நவ் என்கிற மின்-பில் வலையமைப்பு வழியாகத் தங்கள் பில் விவரங்களை வரித்துறையான ஐராஸுக்கு அனுப்பியாக வேண்டும். எக்செல்லில் போட்டு, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பில் இதற்குப் போதாது. அந்த வலையமைப்போடு இணைந்த சாஃப்ட்வேர் வேண்டும்.

இதில் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். உங்களிடம் வாங்கும் அலுவலகங்கள் ஜிஎஸ்டி பதிந்தவை என்றால், நீங்கள் போடும் 9%ஐ அவர்கள் பெரும்பாலும் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். வளைகாப்புக்கும் வீட்டு விசேஷத்துக்கும் பலகாரம் சொல்லும் குடும்பங்களுக்கு அந்த வழி இல்லை. ஒன்று, அவர்களுக்கு விலை ஏறும். இல்லாவிட்டால் உங்கள் லாபத்தில் போகும். பதிந்துவிட்டால் குறைந்தது 2 வருடம் அதிலேயே இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஸ்டீமர் ஒருமுறை வாங்குவது. வீட்டு ஆர்டர் வாராவாரம் வருவது. குடும்ப ஆர்டர்தான் அதிகம் என்றால் இப்போதைக்குப் பதிய வேண்டாம் என்பேன். அப்படியானால் எங்கள் சாஃப்ட்வேரும் உங்களுக்கு இப்போது அவசியமில்லை.

அலுவலக ஆர்டர்தான் கூடுதல் என்றால் பதிவது நியாயம். ஆனால் நான் அன்று கொடுத்த விலைப்பட்டியலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதிலிருந்த சின்ன பேக்கேஜில் இன்வாய்ஸ்நவ் இணைப்பு கிடையாது. புதிதாக ஒன்று தருகிறேன். ஐஎம்டிஏ அங்கீகரித்த சாஃப்ட்வேர்களின் பட்டியல் அவர்கள் இணையத்தளத்திலேயே இருக்கிறது. மற்றவர்கள் விலையையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு ஒரே ஒரு விவரம் போதும் அக்கா: ஜனவரியிலிருந்து வந்த ஆர்டர்களில் அலுவலகம் எவ்வளவு, வீடு எவ்வளவு? குத்துமதிப்பாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும். பதிந்தால் எப்படி, பதியாவிட்டால் எப்படி என்று ஒரு பக்கத்தில் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை, நேரில் சந்திக்கவும் வேண்டியதில்லை. இதற்குள் வேறு யாரிடமாவது வாங்கிவிட்டீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், இதைப் பற்றி மறுபடி எழுத மாட்டேன்.

அன்புடன்,
முரளி