கொள்முதல் நிர்வாகி நேர்காணல்: அட்டைப்பெட்டி ரேட் பேச்சுவார்த்தையின் பதிவு

நேர்காணல் குழுவில் இரண்டு பேர்: பர்ச்சேஸ் மேனேஜர், அப்புறம் ஃபைனான்ஸிலிருந்து நான். விண்ணப்பதாரருக்கு ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் மூன்று ஆண்டு அனுபவம். முதல் கால் மணி நேரம் வழக்கமான கேள்விகள் போயின. ஒரு பதிலை மட்டும் இங்கே வைக்கிறேன்.

மேனேஜர்: ஒரு சப்ளையர் ரேட்டை ஏற்றச் சொல்லிக் கடிதம் அனுப்பினால் முதலில் என்ன செய்வீர்கள்?

விண்ணப்பதாரர்: கான்ட்ராக்டை எடுத்துப் படிப்பேன் மேடம். ரேட் எந்தத் தேதி வரை செல்லும், இடையில் ஏற்ற அனுமதி உண்டா என்று பார்ப்பேன். அடுத்தது ஸ்டாக் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று கேட்பேன். இந்த இரண்டும் தெரியாமல் போனை எடுக்க மாட்டேன்.

மேனேஜர்: சரி, அதையே இப்போது செய்து காட்டுங்கள்.

அவரிடம் ஒரு தாளைக் கொடுத்தோம். அதில் இருந்த விவரம் இது. ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டி, மாதம் 50,000 வாங்குகிறோம். இப்போதைய ரேட்டை 100 என்று வைத்துக்கொள்ள வேண்டும். வரும் திங்கட்கிழமை முதல் 114 வேண்டும் என்று சப்ளையர் எழுதியிருக்கிறார். கான்ட்ராக்ட் முடிய 21 நாள் இருக்கிறது. கையிருப்பு 12 நாளுக்கு வரும். வேறொரு சப்ளையர் 104 என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், ஆனால் அவருடைய சாம்பிளைச் சோதித்து ஒப்புதல் தர 45 நாள் ஆகும். விண்ணப்பதாரர் ஒப்புக்கொள்ள அனுமதித்த உச்சம் 106. பெட்டி வாங்கி 60 நாளில் பணம் கொடுக்கிறோம், இந்தக் கிரெடிட் நாட்களை மாற்றுவதென்றால் ஃபைனான்ஸ் ஒப்புதல் தேவை.

சப்ளையர் வேடம் எனக்கு. என் தாளில் வேறு விவரம் இருந்தது: கிரெடிட் 60 நாளாகவே இருந்தால் 107-க்குக் கீழே இறங்கக் கூடாது, 30 நாளாகக் குறைத்தால் 105 வரை போகலாம். காரணம் காட்டாமல் கேட்டால் ஒரு புள்ளிகூடக் குறைக்காதே, சலுகை வந்தால் வாங்கிக்கொண்டு ரேட்டை மேலேயே நிறுத்து என்றும் எழுதியிருந்தது.

தயாராக ஐந்து நிமிடம் கொடுத்தோம். அவர் ஓரத்தில் '21 + 12 = 33, 45 − 33 = 12' என்று எழுதியதைப் பிறகு பார்த்தேன். சப்ளையரை மாற்றினால் 12 நாள் பெட்டியே இருக்காது என்று அர்த்தம். அந்தத் தாளில் மறைந்திருந்த ஆபத்து அதுதான். கேட்காமலேயே கண்டுபிடித்திருந்தார்.

பேச்சுவார்த்தை

விண்ணப்பதாரர்: வணக்கம் சார். உங்கள் கடிதத்தைப் படித்தேன். 14 சதவீதம் எதிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொன்னால் நான் உள்ளே பேச வசதியாக இருக்கும்.

சப்ளையர்: எல்லாமே ஏறிவிட்டது மேடம். கிராஃப்ட் பேப்பர், பசை, மின்சாரம், கூலி. 14 கேட்டதே உங்களுக்காகக் குறைத்துத்தான்.

விண்ணப்பதாரர்: பேப்பரிலிருந்து ஆரம்பிப்போம். 100-இல் பேப்பர் எவ்வளவு சார், வேஸ்ட் உள்பட?

சப்ளையர்: ஒரு 60 இருக்கும்.

விண்ணப்பதாரர்: பேப்பர் எத்தனை சதவீதம் ஏறியது?

சப்ளையர்: 10 சதவீதம். மில் இன்வாய்ஸ் காட்டுகிறேன்.

விண்ணப்பதாரர்: காட்டுங்கள், நல்லது. அப்படியானால் 60-இல் 10 சதவீதம், 6 புள்ளி. பெட்டி செய்யும் செலவு எவ்வளவு?

சப்ளையர்: கூலி, பசை, மின்சாரம் எல்லாம் சேர்த்து 20. அதுவும் 5 சதவீதம் ஏறிவிட்டது.

விண்ணப்பதாரர்: அது 1 புள்ளி. லாரி வாடகை?

சப்ளையர்: 8. அதில் மாற்றமில்லை.

விண்ணப்பதாரர்: அப்போது நீங்கள் சொன்ன கணக்கிலேயே 107 வருகிறது சார். மீதி 7 எங்கே?

சப்ளையர்: கணக்குப் போட்டால் தொழில் நடக்காது மேடம். உங்களை மாதிரி மற்ற வாடிக்கையாளர்களும் கொடுத்துவிட்டார்கள். சரி, உங்களுக்கு 112.

விண்ணப்பதாரர்: மற்றவர்கள் வாங்கும் பெட்டியும் அளவும் எனக்குத் தெரியாது. நம்முடைய பெட்டியில் ஏறியது 7. அதற்கு மேல் ஒரு செலவு இருந்தால் காட்டுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

இங்கே நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். பலர் இந்த மௌனத்தைத் தாங்காமல் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். இவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சப்ளையர்: சரி, வெளிப்படையாகக் கேட்கிறேன். உங்களிடம் ஸ்டாக் எத்தனை நாளுக்கு இருக்கிறது?

விண்ணப்பதாரர்: அதை வெளியே சொல்வதில்லை சார்.

சப்ளையர்: திங்கட்கிழமை முதல் லோடு அனுப்பாவிட்டால் உங்கள் லைன் நின்றுவிடும். 112-க்கு ஆர்டர் போடுங்கள், லாரி கிளம்பும்.

விண்ணப்பதாரர்: கான்ட்ராக்ட் இன்னும் 21 நாள் இருக்கிறது. அதுவரை 100-க்கு அனுப்புவதாக நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதை நீங்கள் மீறமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் உட்கார்ந்து பேசுகிறேன். திங்கட்கிழமை லோடு வரும் என்று உறுதி சொல்லுங்கள், 22-ஆம் நாளிலிருந்து என்ன ரேட் என்று இப்போதே முடித்துவிடலாம்.

சப்ளையர்: ...சரி, இந்த 21 நாள் அனுப்புகிறேன். ஆனால் அதற்குப் பிறகு 110-க்குக் கீழே முடியாது.

விண்ணப்பதாரர்: நன்றி சார். இப்போது உங்கள் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று பார்ப்போம். எங்களுக்கு 60 நாள் கிரெடிட் தருகிறீர்கள். வங்கியில் என்ன வட்டிக்கு வாங்குகிறீர்கள்?

சப்ளையர்: ஆண்டுக்கு 12 சதவீதம்.

விண்ணப்பதாரர்: அப்படியென்றால் 30 நாள் முன்னால் பணம் வந்தால் உங்களுக்கு 1 புள்ளி மிச்சம். இன்னொன்று, இப்போது வாரம் நான்கு தடவை அரை லோடு அனுப்புகிறீர்கள். வாரம் இரண்டு முழு லோடாக எடுத்துக்கொண்டால் வாடகையில் எவ்வளவு குறையும்?

சப்ளையர்: ஒன்றரை குறையும். ரொம்ப நல்லது மேடம், இரண்டுமே எனக்குச் சம்மதம். 30 நாள் பேமெண்ட், முழு லோடு. அப்போது 109 வைத்துக்கொள்வோம்.

என் தாளில் எழுதியிருந்தபடி இரண்டு சலுகையையும் பையில் போட்டுக்கொண்டு ரேட்டை மேலேயே நிறுத்தினேன். அவர் முகம் ஒரு கணம் மாறியது.

விண்ணப்பதாரர்: ஒரு நிமிடம் சார். நான் கேட்டது கணக்குக்காக, இன்னும் கொடுக்கவில்லை. இரண்டும் ரேட்டோடு சேர்த்துத்தான் வரும். 107-இல் 1 போனால் 106. ஒன்றரை போனால் 104.5. நான் 105 தருகிறேன். அந்த அரைப் புள்ளி உங்களுக்கு. 105 இல்லையென்றால் 60 நாளும் அரை லோடும் அப்படியே இருக்கும்.

சப்ளையர்: நாளைக்குப் பேப்பர் இன்னும் ஏறினால் நான் எங்கே போவது? அந்தப் பயத்துக்குத்தான் கூடுதலாகக் கேட்கிறேன்.

விண்ணப்பதாரர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மில் ரேட்டைச் சேர்ந்து பார்ப்போம். பேப்பர் 3 சதவீதத்துக்கு மேல் மாறினால், மாறியதில் 60 சதவீதத்தைப் பெட்டி ரேட்டில் மாற்றிக்கொள்ளலாம். ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்.

சப்ளையர்: 107-க்கு முடியுங்கள், இப்போதே கை குலுக்கிவிடலாம்.

விண்ணப்பதாரர்: 107-இல் பழைய ஏற்பாடுதான் வரும் சார், அதற்கும் எனக்கு மேலே அனுமதி இல்லை. 105-இல் பணமும் சீக்கிரம், வண்டியும் குறைவு, பேப்பர் ஏறினால் பாதுகாப்பும் உண்டு.

சப்ளையர்: சரி மேடம். 105.

விண்ணப்பதாரர்: திரும்பச் சொல்லிவிடுகிறேன். 21 நாள் 100. அதன் பிறகு 105, வாரம் இரண்டு முழு லோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேப்பர் ரேட் பார்ப்பது. 30 நாள் பேமெண்டுக்கு எங்கள் ஃபைனான்ஸ் ஒப்புதல் வேண்டும். நாளை மாலைக்குள் அதை வாங்கி, எல்லாவற்றையும் மெயிலில் எழுதி அனுப்புகிறேன். ஒப்புதல் வராவிட்டால் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

பேச்சு முடிந்த பிறகு

மேனேஜர்: எங்கே தடுமாறினீர்கள்?

விண்ணப்பதாரர்: கிரெடிட்டையும் லோடையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டேன். 'ரேட் 105 ஆனால் இவை சாத்தியம்' என்று ஆரம்பித்திருக்க வேண்டும். ஃபைனான்ஸ் ஒப்புதலையும் கடைசியில்தான் சொன்னேன், கிரெடிட் பேச்சை எடுத்த உடனேயே சொல்லியிருக்க வேண்டும்.

நான்: 30 நாள் முன்னால் பணம் கொடுத்தால் நமக்கும் செலவு உண்டே. நம் வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பதாரர்: மாதத்துக்கு முக்கால் சதவீதம் சார். 105-க்கு ஏறக்குறைய 0.8. ஆக நமக்கு உண்மையில் 105.8. 106-க்குள் இருக்கிறது, ஆனால் மிச்சம் அதிகமில்லை.

நான்: 104 கொட்டேஷனை ஏன் சொல்லவில்லை? நான் பயந்திருப்பேனே.

விண்ணப்பதாரர்: அவருடைய சாம்பிள் இன்னும் தேறவில்லை. அவரிடம் நாளைக்கே வாங்கிவிடுவேன் என்ற மாதிரி பேசினால் அது பொய். நீங்கள் 'சரி, அங்கேயே வாங்குங்கள்' என்று சொல்லிவிட்டால் எனக்கு 12 நாள் பெட்டி இல்லை. ஆனால் அந்தச் சாம்பிள் சோதனையை இன்றே ஆரம்பிக்கச் சொல்வேன். அடுத்த வருடம் இதே பேச்சு வரும்போது இரண்டாவது சப்ளையர் தயாராக இருக்க வேண்டும்.

மேனேஜர்: வாரம் இரண்டு முழு லோடு வாங்கினால் பெட்டியை எங்கே வைப்பீர்கள்?

கொஞ்ச நேரம் பதில் இல்லை.

விண்ணப்பதாரர்: கிடங்கைக் கேட்கவில்லை மேடம். அட்டைப்பெட்டி எடை குறைவு, ஆனால் இடம் நிறைய அடைக்கும். அதைக் கேட்காமல் ஒன்றரைப் புள்ளியைக் கணக்கில் எடுத்தது என் தவறு. ஃபைனான்ஸ் ஒப்புதலோடு கிடங்கு ஒப்புதலையும் நிபந்தனையாக வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்குச் சமாளிப்பாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சமாளிக்கவில்லை. மதிப்பெண் தாளில் தயாரிப்புக்கு 9, சலுகை கொடுத்த முறைக்கு 6, நேர்மைக்கு 10 போட்டேன். மேனேஜர் கிடங்கு விஷயத்துக்காகத் திட்டமிடலில் இரண்டு குறைத்தார்.

மேனேஜர்: எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?

விண்ணப்பதாரர்: ஒன்று மேடம். பேப்பர் ரேட் ஷரத்து இரண்டு பக்கமும் செல்லும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். இங்கே வேலைக்குச் சேர்ந்தபின் பேப்பர் ஏறினால், 'ஏற்றாதே, எப்படியாவது சமாளி' என்று எனக்குச் சொல்வீர்களா?

மேனேஜர்: கையெழுத்துப் போட்டது கம்பெனி. ஏறினால் அந்த மாதமே ரேட்டை மாற்றி ஆர்டர் போடுங்கள், நான் ஒப்புதல் தருகிறேன்.

விண்ணப்பதாரர்: அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நன்றி மேடம், நன்றி சார்.