தையல் கூலி அட்டை: நாள் வரிசைப்படி, இந்த ஆடி முதல்

வேலூர், தோட்டப்பாளையம். காலை 9.30 முதல் இரவு 8 வரை. மதியம் 2 முதல் 3 வரை சாப்பாடு. ஞாயிறு விடுமுறை.

பழைய அட்டையில் பிளவுஸ், ஜிப், சுடிதார், ஃபால்ஸ் எல்லாம் கலந்து கிடந்ததால், கூலியைப் படித்த பிறகும் "சரி, எப்போ கிடைக்கும்?" என்று எல்லோரும் கேட்க வேண்டியிருந்தது. அதனால் இதில் நாள்தான் முதலில். அன்றைக்கே முடிகிற வேலை மேலே, நாள் அதிகம் பிடிக்கிற வேலை கீழே. உங்கள் துணி எந்தத் தலைப்பில் வருகிறது என்று பார்த்தால் போதும், கூலியும் நாளும் அங்கேயே இருக்கும்.

நூல், கொக்கி, ஓவர்லாக் எல்லாம் கூலிக்குள் அடங்கியவை. லைனிங் துணி மட்டும் தனி.

நாள் கணக்கு: துணி, லைனிங், அளவு மூன்றும் எங்கள் கைக்கு வந்த மறுநாள்தான் முதல் நாள். ஞாயிறு சேராது. 3 நாள் வேலையைத் திங்கள் கொடுத்தால் வியாழன், வெள்ளி கொடுத்தால் செவ்வாய். லைனிங்கைப் பிறகு கொண்டு வருகிறேன் என்றால் அது வந்த பிறகுதான் கணக்கு ஆரம்பிக்கும், இதைச் சீட்டிலும் எழுதித் தருவோம்.

அன்றைக்கே (பகல் 12 மணிக்குள் கொடுத்தால் மாலை 6க்கு)

பேன்ட், சுடிதார் பேன்ட் கீழே மடித்து அடிக்க 40
பிளவுஸ் பக்கம் பிடிக்க அல்லது பிரித்துவிட 40
ரெடிமேட் சுடிதாருக்குக் கை வைக்க 50
பேன்ட் இடுப்பு பிடிக்க 60
ஜிப் மாற்ற 80, ஜிப்போடு சேர்த்து
கொக்கி மட்டும் வைக்க, எத்தனை என்றாலும் 20

பிளவுஸைப் பிரித்துவிட உள்ளே துணி விட்டிருந்தால்தான் முடியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம்.

ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பவர்களின் துணியும் இந்தத் தலைப்பில்தான், அதுவும் முதல் வரிசையில். சி.எம்.சி.க்கு வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கி இருக்கிறார்கள், ஆபரேஷன் முடிந்தவருக்குத் தலைவழியாகப் போடும் நைட்டியை மாட்டிவிடுவது எவ்வளவு கஷ்டம் என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மூடிய நைட்டியை முன்பக்கம் வெட்டிப் பட்டி வைத்துப் பட்டன் போட 80. கையில் கட்டுப் போட்டவருக்குச் சட்டைக் கையைப் பிரித்து நாடா வைக்க 60. இவற்றை 12 மணிக்குப் பிறகு கொண்டு வந்தாலும் அன்றைக்கே தைக்கப் பார்ப்போம், அவசரக் கூலி கிடையாது. தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த இடத்தில் திறக்க வேண்டும் என்று துணியில் தொட்டுக் காட்டினால் போதும்.

2 நாள்

ஃபால்ஸ் வைத்து இரண்டு ஓரமும் அடிக்க 110, ஃபால்ஸ் துணியோடு
ஓரம் மட்டும் அடிக்க 40
உள்பாவாடை 100
நைட்டி 130

ஃபால்ஸ் துணியை முதல் நாள் தண்ணீரில் நனைத்துக் காயவைக்கிறோம். நனைக்காமல் வைத்தால் முதல் சலவையிலேயே அது சுருங்கிச் சேலையின் கீழ் ஓரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் ஃபால்ஸுக்கு அன்றைக்கே என்று மட்டும் கேட்க வேண்டாம்.

4 நாள் (லைனிங் இல்லாத உருப்படிகள்)

சாதா காட்டன் பிளவுஸ் 200
சுடிதார் செட் 400, பட்டியாலா பேன்ட் என்றால் 450
டாப் மட்டும் 270

தினப்படிக்கு, வேலைக்குப் போட்டுப் போக இது போதும். வேலூர் வெயிலுக்கு லைனிங் இல்லாத காட்டன்தான் உடம்புக்கு நல்லது என்று கேட்பவர்களுக்குச் சொல்லித்தான் அனுப்புகிறோம், துணி மெல்லியதாக இருந்தால் மட்டும் லைனிங்.

7 நாள் (லைனிங் வைத்தவை)

பிளவுஸ் 400
பிரின்சஸ் கட் பிளவுஸ் 480
சுடிதார் செட் 560
கழுத்துக்கோ கைக்கோ பைப்பிங் வைத்தால் கூட 50
முதுகில் நாடா, குஞ்சம் வைத்தால் கூட 40

இதற்கும் மேலே இருக்கிற 4 நாள் வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காட்டன் லைனிங்கை ஒரு ராத்திரி ஊறவைத்து, காயவைத்து, தேய்த்த பிறகுதான் வெட்டுவோம், அப்புறம் மேல் துணியையும் லைனிங்கையும் தனித்தனியாக வெட்டிச் சேர்க்க வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு பிளவுஸ் வேலை. லைனிங் துணியை லாங் பஜாரில் நீங்களே கலர் பார்த்து வாங்கி வரலாம், இல்லையென்றால் இங்கே மீட்டர் 70. சாதாரணமாக ஒரு பிளவுஸுக்கு ஒரு மீட்டர் போதும்.

10 நாள் (பட்டும் விசேஷத் துணியும்)

பட்டு பிளவுஸ், லைனிங் வைத்துப் பைப்பிங்கோடு 600
சிறுமிகளுக்குப் பட்டுப்பாவாடை சட்டை 700 முதல், வயதைப் பொறுத்து 950 வரை
சேலை முந்திக்குக் குஞ்சம் கட்ட 250 முதல், பாசி மணி கோத்தால் 400 முதல்

ஆரணிப் பட்டோ காஞ்சிபுரம் பட்டோ, பிளவுஸ் துணி சேலையோடு சேர்ந்தே வரும். அதை வெட்டி எடுத்த பிறகுதான் சேலைக்கு ஓரமும் ஃபால்ஸும். எனவே சேலையை முழுசாகக் கொண்டு வாருங்கள், நாங்களே உங்கள் எதிரில் அளந்து வெட்டுகிறோம். பட்டில் ஒரு தடவை ஊசி போட்டுப் பிரித்தால் ஓட்டை தெரியும், பிறகு மறைக்க முடியாது. அதனால் பட்டு பிளவுஸுக்கு 6ஆம் நாள் வந்து போட்டுப் பார்க்கவும். ஓட்டுத் தையலில்தான் இருக்கும், அப்போது எதையும் மாற்றலாம். அந்த நாளில் வராவிட்டால் கொடுக்கும் தேதியும் அதே அளவு தள்ளும்.

20 நாள்

ஆரி வேலை. 1500 முதல், டிசைன் பார்த்துச் சொல்வோம். இதை நாங்கள் இங்கே போடுவதில்லை, வெளியில் கொடுத்து வாங்குகிறோம். ஆரி முடிந்து வந்த பிறகு தைக்க வேண்டியதற்கும் சேர்த்துத்தான் 20 நாள். தையல் கூலி 600 தனி.

பள்ளிச் சீருடை

சட்டை 250, பாவாடை 280, பினோஃபோர் 350. மற்ற மாதங்களில் 5 நாள். மே, ஜூனில் 12 நாள், அந்தச் சமயத்தில் கூட்டம் அப்படி. வளரும் பிள்ளைகளுக்குக் கீழே இரண்டு அங்குலம், பக்கத்தில் ஒரு அங்குலம் கேட்காமலே உள்ளே விட்டுத் தைப்போம். அடுத்த வருடம் பிரித்துவிட 40.

அவசரம்

மேலே போட்டிருக்கும் நாளில் பாதிக்குள் வேண்டுமென்றால் கூலியில் பாதி கூடும்: 400 ரூபாய் பிளவுஸ் 600. கையில் இருக்கும் வேலையைப் பார்த்து முடியும் என்றால்தான் வாங்குவோம். பட்டுக்கும் ஆரிக்கும் அவசரம் கிடையாது. சாவு வீடு, ஆஸ்பத்திரி என்றால் அவசரக் கூலி எந்த உருப்படிக்கும் இல்லை.

தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான் இந்த நான்குக்கும் பண்டிகைக்கு 20 நாள் முன்னால் ஆர்டர் நிறுத்தப்படும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் ஒரே தேதி. கூலி ஏறாது.

அளவு

நன்றாகப் பொருந்துகிற ஒரு பிளவுஸ் அல்லது சுடிதாரைக் கொடுங்கள், அதில் எந்த இடம் பிடிக்கிறது, எந்த இடம் தொளதொள என்று கொடுக்கும்போதே சொல்லுங்கள், எழுதிக்கொள்வோம். உடம்பில் அளவெடுக்கவும் செய்வோம், பெண்கள்தான் எடுப்போம், உள்ளே தடுப்பு இருக்கிறது.

பணம்

மொத்தம் 500க்குள் என்றால் தைத்த துணியை வாங்கிப் போகும்போது கொடுக்கலாம். அதற்கு மேல் பாதி முன்பணம். ஒரே ஆள் பல உருப்படி கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி போட்டுத் தருவோம், எல்லாம் சேர்ந்து வேண்டுமென்றால் கடைசித் தேதிதான்.

சீட்டில் எழுதிய நாளில் நாங்கள் தராவிட்டால், தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் அந்த உருப்படியின் கூலியில் 20 ரூபாய் கழித்துக்கொள்ளலாம்.

அளவு சரியில்லை என்றால் வாங்கிய 15 நாளுக்குள் கொண்டு வாருங்கள், திருத்தக் கூலி கிடையாது. துவைக்காமல் கொண்டு வந்தால் நல்லது.