பொதுக் கருவி அறை: சமரசக் கூட்டத்துக்கான அழைப்பு

நாள்: 13 பிப்ரவரி 2026

பெறுநர்: துறைத் தலைவர், உயிர்வேதியியல், துறைத் தலைவர், வேதியியல்
(அகர வரிசைப்படி எழுதியது, வேறு பொருள் இல்லை.)

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை இரு துறைகளும் பகிர்ந்து பயன்படுத்துவதில் எழுந்த சிக்கல் தொடர்பாக நீங்கள் இருவரும் அனுப்பிய கடிதங்களைப் படித்தேன். வரும் 18ஆம் தேதி, புதன்கிழமை பிற்பகல் 2.30 மணிக்கு உட்கார்ந்து பேசலாம். இடம் என் அறை அல்ல, கருவி அறையே. கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் பாதி விளங்கிவிடும்.

நான் புரிந்துகொண்டது இது. உயிர்வேதியியல் துறையில் முதுநிலை மாணவர்களின் புராஜெக்ட் நடக்கிறது. என்சைம் சோதனையைத் தொடங்கிவிட்டால் நடுவில் எழுந்து இடம் விட முடியாது. வேதியியல் துறைக்கோ கால அட்டவணையில் உள்ள செய்முறை வகுப்பு. 40 பேர் மூன்று மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். தவறாகப் புரிந்திருந்தால் கூட்டத் தொடக்கத்திலேயே திருத்துங்கள்.

நேற்று கருவி அறைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஜனவரி 27ஆம் தேதி, 11 மணிக்கு நேரே இரு துறைகளின் பெயரும் இருக்கின்றன. எது முதலில் எழுதியது என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நான்கு குவார்ட்ஸ் குவெட்டுகளில் இரண்டில் லேசான நீலப் படலம். பிராட்ஃபோர்டு சாயம் குவார்ட்ஸில் ஒட்டும் என்றும், அந்தச் சோதனையை 595 நானோமீட்டரில் படிப்பதால் பிளாஸ்டிக் குவெட்டே போதும் என்றும் ஆய்வக உதவியாளர் சொன்னார். வரலாற்றுத் துறைக்காரனான எனக்கு இது புதுச் செய்தி. கறை யாரால் வந்தது என்று தேடும் எண்ணம் இல்லை. பிளாஸ்டிக் குவெட்டுகளை எந்தத் துறைக் கணக்கில் வாங்குவது, கருவியின் டியூட்டீரியம் விளக்கை மாற்றும்போது செலவை எப்படிப் பிரிப்பது, இவற்றைத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், மார்ச் மாத நேர அட்டவணை.

ஒவ்வொரு துறையிலிருந்தும் தலைவரும் ஓர் ஆசிரியரும் வந்தால் போதும். ஆய்வக உதவியாளரும் இருப்பார். ஒரு தரப்புக்குப் பத்து நிமிடம், மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். யார் முதலில் என்பதற்குச் சீட்டு எடுப்போம். தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. நீங்கள் ஒத்துக்கொள்வதை எழுதி இரு தரப்பிலும் கையெழுத்து வாங்குவேன். ஒத்துவராதவற்றை அப்படியே குறித்து முதல்வருக்கு அனுப்புவேன்.

அதுவரை பதிவேட்டில் உள்ள நேரங்கள் மாறாது. மோதல் வந்தால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் இதைத் தொடர வேண்டாம் என இரு துறையினரையும் கேட்டுக்கொள்கிறேன்.

நேரம் ஒத்துவராவிட்டால் திங்கள் மாலைக்குள் தெரிவியுங்கள். டீ உண்டு, ஆனால் வராந்தாவில்தான். கருவி அறைக்குள் கொண்டுவர உதவியாளர் சம்மதிக்கவில்லை.

அன்புடன்,
துணை முதல்வர்

நகல்: முதல்வர், ஆய்வக உதவியாளர்