அலுவலக வட்ஸ்அப் குழுவுக்கு நலன்புரிக் குழுவின் பண்டிகை வாழ்த்துகள், 2025

ஜனவரி 14, செவ்வாய், காலை 7.30

அனைவருக்கும் வணக்கம். நேற்றுத் துருத்துப் போயாவுக்குக் களனி விகாரைக்குப் போனவர்கள் இன்று கால் நீட்டி இருப்பீர்கள். முற்றத்தில் கோலம் போட்டுப் பானை வைத்தவர்களுக்கும், மாடிவீட்டு அடுப்படியிலேயே பொங்கியவர்களுக்கும் இனிய தைப்பொங்கல் வாழ்த்துகள். பால் நன்றாகப் பொங்கி வழியட்டும்.

அலுவலகப் பொங்கல் நாளை புதன், மதியம் 12 மணிக்கு. 40 பேருக்குப் பச்சையரிசி 2 கிலோ, வறுத்துக் கோது நீக்கிய பயறு அரைக் கிலோ, சர்க்கரை 2 கிலோ, தேங்காய் 4, கஜு, முந்திரிகை வற்றல், ஏலக்காய் எல்லாம் வாங்கியாயிற்று. பன்ட்ரியில் பொங்க முடியாது. பால் வழிந்து கருகினால் கூரையில் உள்ள புகை எச்சரிக்கை அடிக்கும், முழுக் கட்டிடமும் படியால் இறங்க வேண்டி வரும். ஆகவே பின்பக்க வாகனத் தரிப்பிடத்தில் காஸ் அடுப்பு. உதவிக்கு வருபவர்கள் கவனிக்க: அரிசி குழைய வெந்த பிறகே சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி விறைத்துப்போகும், பிறகு எவ்வளவு கிண்டியும் பயனில்லை.

படையல் 12 மணிக்கு. அதில் நிற்க விரும்பாதவர்கள் 12.20க்கு நேரே சாப்பிட வரலாம். படைக்காத பொங்கல் மூடிய தனிச் சட்டியில் இருக்கும். எந்தச் சட்டியில் யார் எடுத்தார் என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

ஒரு வேண்டுகோள்: இந்தச் செய்திக்கு ஓர் இதயக்குறி போதும். அறுபது பேரும் தனித்தனியாகப் படம் அனுப்பினால் துறைமுகத்துச் சரக்கு அனுமதிச் செய்தி அதற்குள் புதைந்துவிடுகிறது.

மார்ச் 1, சனி, மாலை 5.00

நாளை முதல் நோன்பு பிடிக்கும் சகோதரர்கள், சகோதரிகள் எல்லோருக்கும் ரமழான் வாழ்த்துகள். மாதம் முழுவதும் உடம்புக்குச் சுகமும் மனதுக்கு நிறைவும் கிடைக்கட்டும்.

இந்த மாதம் பிற்பகல் 3.30க்குப் பிறகு கூட்டம் வைக்க மாட்டோம். மாலைப் பணியில் இருப்பவர்களுக்குப் பன்ட்ரியில் பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி இருக்கும். கொழும்பில் இப்போது சூரியன் மறைவது 6.20 கழிந்துதான், ஆனாலும் சுவர்க்கடிகாரத்தை நம்பாமல் பள்ளிவாசல் அறிவிப்பைக் கேட்டே நோன்பு திறவுங்கள். அந்தக் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் முந்தி ஓடும். கஞ்சி இரண்டு பானை: இறைச்சி போட்டது ஒன்று, மரக்கறிக் கஞ்சி ஒன்று. கரண்டிகளை மாற்றிப் போட்டால் மரக்கறிப் பானையை யாரும் தொட மாட்டார்கள், ஆகவே அதன் கரண்டியில் பச்சை நாடா கட்டியிருக்கிறது.

மற்றவர்கள் மேசையில் இருந்து சாப்பிடுவதில் தவறில்லை. "ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா?" என்று தினமும் கேட்பதைத்தான் தவிர்ப்போம்.

மார்ச் 30, ஞாயிறு, இரவு 8.15

பிறை கண்ட அறிவிப்பு வந்துவிட்டது. நாளை பெருநாள். அதற்கு முன் வாழ்த்துவது சரியில்லை என்றுதான் இவ்வளவு நேரம் பொறுத்திருந்தோம். ஈத் முபாரக்! தொழுகை முடிந்து வீடு வரும்போது வாசலில் உறவும் நட்பும் நிறைந்திருக்கட்டும்.

வட்டிலப்பம் கொண்டுவரப்போவதாகச் சொன்னவர்களுக்கு முற்கூட்டியே நன்றி. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஒரு தகவல்: அதில் முட்டை சேரும்.

ஏப்ரல் 11, வெள்ளி, பிற்பகல் 3.00

14ஆம் திகதி பிறக்கும் விசுவாவசு வருடத்துக்குத் தமிழ், சிங்கள உறவுகள் அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். மருத்துநீர் வைத்து, புதுச்சட்டை போட்டு, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்கி, மகிழ்ச்சியாக இருங்கள். இந்தப் புத்தாண்டைக் கொண்டாடாத நண்பர்களுக்கு நல்ல ஓய்வு நாட்கள். ஊருக்குப் போகும் எல்லோரும் பத்திரமாகப் போய்வாருங்கள்.

பாற்சோறும் பலகாரமும் முதல் வேலைநாளில். கொக்கிஸ், பயத்தம் பணியாரம், கவும் என்று பெயர் எழுதிய துண்டோடு வையுங்கள். எல்லாம் ஒரே எண்ணெய் நிறத்தில் இருப்பதால் பெயர் தெரியாதவர்கள் எடுக்கத் தயங்குகிறார்கள்.

ஏப்ரல் 17, வியாழன், மாலை 4.30

நாளை பெரிய வெள்ளி. கிறிஸ்தவ நண்பர்களுக்கு அது கொண்டாட்டமல்ல, துக்கமும் நோன்புமான நாள். ஆகவே வாழ்த்துச் சொல்லவில்லை. அமைதியாக வழிபட வேண்டிய நேரம் கிடைக்கட்டும் என்று மட்டும் சொல்கிறோம். காலையில் ஒருவர் நல்ல மனதோடு போட்ட பூப்படத்தை அவரிடம் சொல்லியே நீக்கினோம். அவர்மீது யாருக்கும் குறையில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு, காலை 9.00

உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துகள். 2019 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த நாள் வரும்போதெல்லாம் கொச்சிக்கடையும் நீர்கொழும்பும் மட்டக்களப்பும் நினைவுக்கு வராமல் போவதில்லை. உறவுகளை இழந்த வீடுகளின் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம். உங்கள் வீட்டில் இன்று நம்பிக்கையும் சமாதானமும் நிலைக்கட்டும்.

மே 11, ஞாயிறு, மாலை 6.00

புத்தபெருமானின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் மூன்றையும் நினைவுகூரும் வெசாக் நாளை. பௌத்த நண்பர்கள் அனைவருக்கும் வெசாக் தின நல்வாழ்த்துகள். நீங்கள் ஏற்றும் விளக்கின் ஒளியில் வீட்டில் அமைதி நிறையட்டும்.

வரவேற்பறையில் தொங்கும் எண்கோணக் கூட்டை மூங்கில் கட்டி, தாள் ஒட்டி, மூன்று மாலை இருந்து செய்த கணக்குப் பிரிவினருக்குத் தனி நன்றி. மின்விசிறிக் காற்றில் தாள் கிழிவதால் அந்த மூலை விசிறியைப் போடாதீர்கள். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம், சிறிய மின்குமிழ் போட்டாயிற்று. சில் எடுப்பவர்களுக்குத் தானம் கொண்டுபோக விரும்பினால் நண்பகலுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் உணவு உண்ண மாட்டார்கள்.

ஜூன் 6, வெள்ளி, மாலை 5.00

நாளை ஹஜ்ஜுப் பெருநாள். தியாகத்தின் நினைவோடு வரும் இந்நாளில் முஸ்லிம் நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வாழ்த்துகள். பகிர்ந்து கொடுக்கும் கைகள் என்றும் நிறைந்திருக்கட்டும்.

ஜூன் 9, திங்கள், காலை 8.00

நாளை பொசொன் போயா. மகிந்த தேரர் மிகிந்தலைக்கு வந்த நாள். அனுராதபுரம் புறப்படும் நண்பர்களின் யாத்திரை நல்லபடி அமையட்டும். கை நிறையத் தண்ணீர்ப் போத்தல்கள் கொண்டுபோங்கள், அங்கே வெயில் கடுமை.

ஒக்டோபர் 19, ஞாயிறு, மாலை 7.00

நாளை தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்தும் எல்லா வீடுகளுக்கும் இனிய வாழ்த்துகள். முறுக்குத் தட்டு செவ்வாய் காலை வரவேற்பு மேசையில் இருக்கும்; எல்லாம் மரக்கறி எண்ணெயில் பொரித்தது.

*(அதே மாலை, விநியோகப் பிரிவு அக்காவுக்குத் தனியாக)*

அக்கா, அம்மாவின் ஆண்டுத்திவசம் முடியவில்லை என்பது தெரியும். குழுவில் போட்ட வாழ்த்து உங்களை நோகச் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை நீங்கள் பலகாரம் எதுவும் கொண்டுவரத் தேவையில்லை, யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்கிறோம். அன்று லீவு வேண்டுமென்றால் காலையில் ஒரு சொல் அனுப்பினால் போதும்.

டிசம்பர் 24, புதன், பிற்பகல் 2.00

நத்தார் வாழ்த்துகள். இன்றிரவு ஆராதனைக்குப் போகும் எல்லோருக்கும், நாளை பெரிய குடும்பமாகக் கூடும் வீடுகளுக்கும் மகிழ்ச்சியும் சமாதானமும் பெருகட்டும்.

டித்வா புயலுக்குப் பிறகு இந்த வருடம் விருந்து வைக்க யாருக்கும் மனமில்லை. அந்தப் பணத்துக்கு வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட நம் ஊழியர் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, பால்மா, பாய் வாங்கியிருக்கிறோம். பொதிகள் வெள்ளிக்கிழமை புறப்படும்.

பன்ட்ரியில் இரண்டு கேக் இருக்கின்றன. சிவப்பு நாடா கட்டியது ரிச் கேக், அதில் பிராண்டி சேர்ந்திருக்கிறது. வெள்ளை நாடா கட்டியதில் மதுபானம் எதுவுமில்லை. இரண்டுக்கும் தனித்தனிக் கத்தி. தயவுசெய்து மாற்றாதீர்கள்.

— நலன்புரிக் குழு