கணக்கில் வராத எழுத்து எது?

ஒன்பதாம் வகுப்பு, தாராவி மாலை டியூஷன். திங்கட்கிழமை டெஸ்ட்டுக்கு முன் இந்த ஒரு பக்கம் போதும்.

நேர்கோட்டில், முடுக்கம் மாறாமல் நகரும் பொருளுக்கு ஐந்தே எழுத்துதான்: தொடக்கத் திசைவேகம் u, இறுதித் திசைவேகம் v, முடுக்கம் a, இடப்பெயர்ச்சி s, நேரம் t. மூன்றைக் கொடுப்பார்கள், ஒன்றைக் கேட்பார்கள். மிச்சம் ஒன்று கணக்கிலேயே தலைகாட்டாது. அதைப் பிடியுங்கள், அது இல்லாத சமன்பாடுதான் உங்களுக்கு வேண்டியது.

```
s வரவில்லை :  v = u + at
v வரவில்லை :  s = ut + ½at²
t வரவில்லை :  v² = u² + 2as
a வரவில்லை :  s = ½(u + v)t
u வரவில்லை :  s = vt − ½at²
```

கடைசி வரி அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

"மூணு எங்க சார், ரெண்டுதான் கொடுத்திருக்காங்க" என்று வாராவாரம் யாராவது கேட்கிறீர்கள். மூன்றாவது வார்த்தைக்குள் ஒளிந்திருக்கும். 'ஓய்விலிருந்து', 'கைவிடப்பட்டது' என்றால் u = 0. 'நின்றது' என்றால் v = 0. மேலே எறிந்த கல் உச்சியில் v = 0; ஆனால் அங்கேயும் a = −9.8 m/s² தான் (மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாக எடுத்தால்). உச்சியில் முடுக்கமும் சுழி என்று எழுதி மார்க்கை விடாதீர்கள்.

ஒரு கணக்கு. லோக்கல் ரயில் 54 km/h வேகத்தில் சயான் ஸ்டேஷனுக்குள் வருகிறது, பிரேக் போட்டு 225 m ஓடி நிற்கிறது. முடுக்கம் என்ன? முதலில் 3.6 ஆல் வகுங்கள்: u = 15 m/s. v = 0, s = 225 m. நேரத்தைக் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஆகவே மூன்றாம் வரி: 0 = 225 + 2a(225), a = −0.5 m/s².

இப்போது அதே ரயிலில் நிற்கும் 50 kg பையன், வண்டியோடு சேர்ந்து நிற்க எவ்வளவு விசை வேண்டும்? நிறையோ விசையோ வந்துவிட்டால் F = ma. 50 × 0.5 = 25 N, பின்னோக்கி. அவன் கம்பியைப் பிடிக்கவில்லை என்றால் அதைத் தருவது காலடி உராய்வு.

இரண்டு பாடத்துக்கும் பாலம் a தான். விசை கொடுத்து தூரம் கேட்டால், முதலில் F = ma வில் a, பிறகு மேலே உள்ள ஐந்தில் ஒன்று. தூரம் கொடுத்து விசை கேட்டால் தலைகீழாக வாருங்கள். F என்பது நிகர விசை: 30 N தள்ளி 10 N உராய்வு இருந்தால் 20 N தான் போட வேண்டும். சீரான திசைவேகம் என்றால் நிகர விசை சுழி, வேறு கணக்கே வேண்டாம்.

விசையும் நேரமும் சேர்ந்து வந்தால் Ft = m(v − u) குறுக்கு வழி. இரண்டு பொருள் மோதினால், வெளிவிசை இல்லாதபோது, m₁u₁ + m₂u₂ = m₁v₁ + m₂v₂.

மூன்றாம் விதியின் ஜோடி விசைகளை ஒரே பொருளின் F க்குள் போட்டு அடித்துவிடாதீர்கள். நீங்கள் சுவரைத் தள்ளுவது சுவரின் கணக்கு, சுவர் உங்களைத் தள்ளுவது உங்கள் கணக்கு.