இடப்பக்கக் கை

மணி 11.50. ஏழாம் அறையில் இருபது பேர். பத்தாம் வகுப்புக் கணிதம். மூன்றாம் வரிசைக் கடைசிப் பையனின் பேனா கால் மணி நேரமாக அசையவில்லை.

கலைச்செல்வி டீச்சர் நடந்துகொண்டே கிராப் தாளைப் பார்த்தாள். y = x² + x − 2. வலப்பக்கம் புள்ளிகள் ஒழுங்காக மேலே ஏறின. இடப்பக்கம் மட்டும் கீழே சரிந்து −14 வரை இறங்கியிருந்தது. (−3)²-ஐ −9 என்று போட்டிருக்கிறான். அவள் ஆங்கில ஆசிரியை. கணித ஆசிரியர்களுக்கு இன்று அறைப் பணி கிடையாது. ஆனால் இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கக் கணிதப் பட்டம் வேண்டியதில்லை. விரலால் ஒருமுறை தொட்டுக் காட்டினால் போதும், எட்டு மதிப்பெண்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கரும்பலகை வரை போய்த் திரும்பும்போது காகிதத்தில் பேனா கிழிக்கும் சத்தம். பையன் முன்பக்கங்களுக்குத் திரும்பியிருந்தான். இரண்டாம் பக்கத்தில் குறுக்கே கோடு. மூன்றாம் பக்கத்தில் கோடு. நான்காவதைப் புரட்டுகிறான்.

எழுதிய விடைகளை மாணவனே மொத்தமாக அடித்துவிட்டால் அதுவும் ஒழுங்கீனம்தான். முடிவை நிறுத்திவைப்பார்கள், அடுத்த இரண்டு பருவமும் எழுத முடியாது. காப்பியடித்து மாட்டுகிறவனுக்குத் தான் செய்தது தெரியும். இவனுக்கு இது தெரிந்திருக்காது. காலையில் படித்துக் காட்டியதைப் பதற்றத்தில் யார் காதில் வாங்கினார்கள்?

துறை அலுவலரைக் கூப்பிட்டால் விஷயம் அறிக்கையாகிவிடும். தாளில் அவள் கை படக் கூடாது. ஒருவனிடம் மட்டும் குனிந்து பேசும் நேரத்தில் பறக்கும் படை உள்ளே வந்தால், அவள் என்ன சொன்னாலும் விடை சொன்னதாகத்தான் ஆகும்.

அறை நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எல்லாரும் கவனிங்க. எழுதின விடைய மொத்தமா அடிக்கக் கூடாது. அடிச்சா ரிசல்ட் வராது. கடைசியில எழுதாத பக்கத்துல மட்டும்தான் கோடு போடணும்."

பத்தொன்பது பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அவன் பேனா நான்காம் பக்கத்து மேல்மூலையில் நின்றது.

தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொள்ளச் சொல்லி அவன் பக்கம் போனாள்.

"எல்லாம் தப்பு மிஸ்."

"அதப் பாக்க வேற ஆள் இருக்காங்க தம்பி. நீ எழுது."

"அடிச்சதுக்கு?"

"பின்னாடி பக்கம் இருக்குல்ல."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை.

1.10-க்கு எச்சரிக்கை மணி. 1.15-க்குப் பதிவெண் வரிசையில் தாள்களை வாங்கினாள். பதினாறாவது தாளில், அடித்த இரண்டு பக்கத்துக் கணக்குகளும் கேள்வி எண்ணோடு பின்னால் மறுபடி எழுதப்பட்டிருந்தன. கிராப்பின் இடப்பக்கக் கை இன்னும் கீழேதான் தொங்கியது.

இருபது என்று எண்ணி முடித்து, கட்டை எடுத்துக்கொண்டு முதன்மைக் கண்காணிப்பாளர் அறைக்கு நடந்தாள்.