மதிப்பீட்டு அறிக்கை: ‘பாய்ச்சினும்’ என்ற சொல்லும் கரையேறிய கதையும்

கட்டுரை: அப்பரின் நமச்சிவாயத் திருப்பதிகம், ஒரு மறுவாசிப்பு
பரிந்துரை: பெரிய திருத்தங்கள் செய்து மீண்டும் அனுப்பலாம்
அனுப்பும் இடம்: புதுச்சேரி

ஆசிரியர் குழுவுக்கு வணக்கம். கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் தடவை ஒரே மூச்சில், ரசித்து. இரண்டாம் தடவை பென்சிலோடு. மூன்றாம் தடவை, ஒரு சந்தேகம் வந்து, ஐந்தாம் திருமுறையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு. அந்தச் சந்தேகம்தான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி. கீழே உள்ளதைக் கட்டுரையாளருக்கு அப்படியே அனுப்பலாம், மறைக்க எதுவும் இல்லை.

கட்டுரையாளருக்கு,

உங்கள் வாதத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். நாலாம் திருமுறை 11-ஆம் பதிகத்தின் முதல் பாட்டில் ‘கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்’ என்று அப்பர் சொல்வது நடந்த சம்பவம் இல்லை, ‘அப்படியே செய்தாலும்’ என்ற பேச்சுமுறைதான். 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் இந்த நிபந்தனைத் தொடரைச் சம்பவமாக வாசித்தார், அதிலிருந்து கல் மிதந்த கதை பிறந்தது, அந்தக் கதை கடலூரில் கரையேறவிட்ட குப்பம் என்று ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. இதுதானே?

இதில் முதல் பாதியை நீங்கள் எழுதியிருக்கும் விதம் அருமை, வெறும் மரியாதைக்குச் சொல்லவில்லை. பத்துப் பாட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் முதல் பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் ‘இடுக்கண்பட் டிருக்கினும்’ பாட்டுக்குப் போய், அங்கே ‘அடுக்கற்கீழ்க் கிடக்கினும்’ என்று வருவதை எடுத்துக் காட்டி, அப்பர் மலைக்கு அடியில் கிடந்தார் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லையே, அப்படியானால் அதே வாய்பாட்டில் வரும் ‘பாய்ச்சினும்’ மட்டும் ஏன் வரலாறு ஆக வேண்டும் என்று கேட்கிறீர்கள். படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். இத்தனை வருடமாக இந்தப் பதிகத்தை ஓதிக்கொண்டிருக்கிறேன், அந்த இரண்டு ‘இனும்’களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. செயின் என்னும் வாய்பாட்டு வினையெச்சம் பற்றிய உங்கள் விளக்கமும் இலக்கணம் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி இருக்கிறது.

ஓதுவாரோடு நீங்கள் உட்கார்ந்த அந்த ஒன்றரைப் பக்கமும் நன்று. காந்தார பஞ்சமத்தில் அவர் பாடும்போது ‘கடலிற்’ என்ற இடத்தில் குரலை இறக்கி, ‘பாய்ச்சினும்’ என்பதில் இழுத்து நிறுத்தி, மூச்சு விட்டுவிட்டு ‘நற்றுணை’ என்று எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசகம் எப்படிப் பாடப்படுகிறது என்பதும் ஓர் உரைதான் என்று அங்கே காட்டிவிட்டீர்கள். அதை அடிக்குறிப்பில் ஒளித்து வைக்காமல் கட்டுரையின் உடம்புக்குள் கொண்டுவாருங்கள்.

சரி, இப்போது சிக்கலுக்கு வருகிறேன்.

ஐந்தாம் திருமுறை, 72-ஆம் பதிகம், திருநீலக்குடி. அதில் அப்பர் சொல்வது இது:

கல்லினோ டெனைப்பூட்டி அமண்கையர்
ஒல்லை நீர்புக நூக்கஎன் வாக்கினால்
நெல்லு நீள்வயல் நீலக் குடியரன்
நல்ல நாமம் நவிற்றிஉய்ந் தேனன்றே.

இந்தப் பாட்டு உங்கள் கட்டுரையில் எங்குமே இல்லை. ‘உய்ந்தேன்’ என்பது தன்மை ஒருமை இறந்தகால வினைமுற்று. ‘எனை’ என்கிறார். கட்டியவர் யார் என்றும் சொல்கிறார். இங்கே ‘இனும்’ கிடையாது, நிபந்தனை கிடையாது. ஆக, கல்லில் கட்டி நீரில் தள்ளிய செய்தி சேக்கிழாருக்கு ஐந்நூறு வருடம் முன்பே, அப்பர் பெயரில் வரும் பாட்டிலேயே இருக்கிறது. ‘சேக்கிழாரின் தவறான வாசிப்பிலிருந்து பிறந்த கதை’ என்று 9-ஆம் பக்கத்தில் நீங்கள் எழுதிய வாக்கியம் இதற்குப் பிறகு நிற்காது. அதை மெதுவாக்கி எழுதினால் போதாது, எடுத்துவிட வேண்டும்.

இது எப்படித் தப்பியது என்றும் தெரிகிறது. நடுநாட்டுத் தலங்கள் 22-க்கும் உரிய பதிகங்களையும் பொதுப் பதிகங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டேன் என்று 2-ஆம் பக்கத்தில் சொல்லியிருக்கிறீர்கள். கெடிலக் கரையில் நடந்ததாகச் சொல்லப்படும் கதைக்கு நடுநாட்டுப் பாட்டு போதும் என்று தோன்றியிருக்கும். ஆனால் நீலக்குடி சோழநாட்டுத் தலம். கதை நடந்த இடம் ஒன்று, அதை நினைத்துப் பாடிய இடம் வேறொன்று. ஒரு மனிதனுக்கு நேர்ந்ததை அவன் நேர்ந்த ஊரில்தான் சொல்வான் என்று எந்தக் கட்டாயமும் இல்லையே. அப்பரின் பதிகம் முழுவதையும் தேடாமல் ‘அப்பர் எங்கும் சொல்லவில்லை’ என்று எழுதியது இந்தக் கட்டுரையின் மிகப் பெரிய குறை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட தி.வே. கோபாலையர் பதிப்பு இருக்கிறது, அப்பர் பாடல்கள் 1985-இல் வந்த இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. தேவாரம் முழுவதும் மின்வடிவிலும் கிடைக்கிறது. ‘கல்’, ‘நீர்’, ‘கடல்’, ‘அமண்’ என்று நாலு சொல்லைத் தேடினாலே ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை.

ஆனால் உங்கள் கேள்வி இதோடு செத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. நீலக்குடிப் பாட்டை இன்னொரு தடவை பாருங்கள். ‘நீர்’ என்றுதான் இருக்கிறது, கடல் என்று இல்லை. தப்பித்தது நீலக்குடி அரன் நாமத்தைச் சொல்லி என்று இருக்கிறது, நமச்சிவாயப் பதிகம் பாடி என்று இல்லை. கல் மிதந்தது என்றும் இல்லை, ‘உய்ந்தேன்’ அவ்வளவுதான். கடல் என்ற சொல் வருவது நீங்கள் எடுத்துக்கொண்ட பாட்டில். இரண்டையும் ஒரே சம்பவமாகக் கோத்து, ‘சொற்றுணை வேதியன்’ பதிகத்தைக் கடலுக்குள் வைத்துப் பாடச் செய்தவர் சேக்கிழார். அப்படியென்றால் அவர் தப்பாகப் படிக்கவில்லை. எட்டாயிரம் பாட்டுக்கு மேல் கொண்ட ஒரு தொகுதியை ஒரே நூலாக எண்ணி, ஒரு பாட்டின் இடைவெளியை இன்னொரு பாட்டால் நிரப்பிப் படித்திருக்கிறார், நம் உரைமரபில் வழக்கமான வேலைதான் இது. ‘சேக்கிழார் முதல் உரையாசிரியர்’ என்று முன்னுரையில் நீங்களே ஓர் அழகான வரி எழுதியிருக்கிறீர்கள். பிறகு அவரையே 9-ஆம் பக்கத்தில் ‘ஏமாந்தவர்’ என்கிறீர்கள். முன்னுரையில் எழுதியவரை நம்பி மீதிக் கட்டுரையைத் திருப்பி எழுதுங்கள்.

இலக்கண வாதத்திலும் ஓர் ஓட்டை. ‘செய்தாலும்’ என்று ஒருவர் சொன்னால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அதில் கூரை பறிகொடுத்த என் உறவுக்கார அம்மா ஒருவர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறார். வேறு இடத்துக்கு வந்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் ‘எந்தப் புயல் அடிச்சாலும் இந்த இடத்தை விட்டு வர மாட்டேன்’ என்பார். இலக்கணப்படி அது நிபந்தனை. ஆனால் புயலைப் பார்த்தவரின் வாயிலிருந்து வருகிறது. ‘இனும்’ சம்பவத்தை நிரூபிக்காது என்பது சரி, மறுக்கவும் செய்யாது. நீங்கள் முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதை முடிவாக எழுதிவிட்டீர்கள்.

அளவுகோலும் மாறுகிறது. ‘கூற்றாயினவாறு’ பதிகத்தில் வரும் சூலை நோயை, ‘தோற்றாதென் வயிற்றின் அகம்படியே’ வரியை வைத்து, அனுபவம் என்று ஒரே வரியில் ஏற்றுக்கொள்கிறீர்கள். வயிற்றுவலி நம்பும்படி இருக்கிறது, கல் மிதப்பது நம்பும்படி இல்லை, அதனால்தானே? அதுதான் காரணம் என்றால் வெளிப்படையாக எழுதுங்கள், குற்றமில்லை. இலக்கணத்தின் பேரில் எழுதாதீர்கள்.

பாடபேதம். ‘கற்றூணை’ என்று மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த பக்கத்தில் ‘கற்றுணை’ என்று எழுதியிருக்கிறீர்கள், தட்டச்சுப் பிழை என்று நினைத்துவிட்டேன். இரண்டும் அச்சில் உள்ள பாடங்கள். தூண் என்று கொண்டால் ‘கல்தூணைப் பூட்டி’ என்று வேற்றுமை நேராக வந்துவிடும், எதுகைக்கும் இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதும், குறையில்லை. ஆனாலும் சொற்றுணை, பொற்றுணை, நற்றுணை என்று மூன்று அடி ஓடிவரும் பாட்டில் நடுவில் ‘கற்றுணை’ வரும்போது ஒரு பொருள் திறக்கிறது. அவர்கள் கட்டிவிட்ட துணை கல், எனக்குள்ள துணை நாமம். அப்புறம், திருப்பாதிரிப்புலியூர்ப் பதிகம், ‘ஈன்றாளுமாய்’, அங்கே ‘தோன்றாத் துணையாய் இருந்தனன் தன் அடியோங்களுக்கே’ என்று முடிகிறது. கரையேறிய ஊரின் சுவாமிக்குத் தோன்றாத்துணைநாதர் என்றே பெயர். துணை என்ற ஒரே சொல் இரண்டு பதிகத்தையும் கட்டிப்போட்டிருக்க, ‘ஈன்றாளுமாய்’ உங்கள் கட்டுரையில் ஒரு அடைப்புக்குறிக்குள் பெயராக மட்டும் வருகிறது. கடலையும் ஊரையும் சேக்கிழார் எப்படி இணைத்தார் என்ற உங்கள் கேள்விக்கு விடை இங்கே இருக்கலாம் என்று நினைக்கிறேன். இதற்கு இரண்டு பக்கமாவது கொடுங்கள்.

சமணர் பற்றிய பகுதி அவசரமாக எழுதப்பட்டிருக்கிறது. பாடலிபுத்திரத்தில் இருந்த சமணக் கல்விக்குச் சான்றாக லோகவிபாகத்தைக் கொண்டுவந்தது நல்ல காரியம், ஆனால் அதன் காலம் கி.பி. 380 இல்லை, சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458. ‘கொடிய சமணர்’ என்று 11-ஆம் பக்கத்தில் வருவது யாருடைய குரல்? சேக்கிழாரின் குரல் என்றால் அவர் சொற்களிலேயே மேற்கோளாகக் கொடுங்கள், உங்கள் குரல் என்றால் நீக்குங்கள். இன்றும் நம் பக்கத்தில் தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள், இந்த இதழை அவர்களும் படிப்பார்கள்.

சின்னச் சின்னவை: பதிகத்தின் கடைசிப் பாட்டை ‘பலஸ்துதி’ என்று எழுதியிருக்கிறீர்கள், திருக்கடைக்காப்பு என்ற நம் சொல் இருக்கிறதே. ‘விண்ணுற வடுக்கிய’ பாட்டின் முதல் அடி இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பிரிந்திருக்கிறது, ஒரே மாதிரி பிரியுங்கள். முடிவுரையின் கடைசிப் பத்தி முன்னுரையின் நகல், வேண்டாம்.

ஆசிரியர் குழுவுக்குக் கடைசியாக ஒன்று. நிராகரிக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். இவ்வளவு கவனமாக ஒரு வினையெச்சத்தின் மேல் குனிந்து உட்காருகிறவர்கள் குறைவு, பாட்டு ஒன்று கண்ணில் படாமல் போனதற்காக அவரைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. நான்கு மாதமாவது அவகாசம் கொடுங்கள். திருத்திய வடிவம் வந்தால் நானே மறுபடி படிக்கிறேன். ஓதுவார் பெயரை அச்சிடும் முன் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியாயிற்றா என்று மட்டும் இப்போதே கேட்டுவிடுங்கள், கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.